டீ கவுண்டரில் கொடுத்த மாத்திரை

தாம்பரத்தில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். நர்ஸ் என்றால் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டில், ஒரு பி.பி. மெஷின், ஒரு மருந்து அலமாரி, ஜன்னலே இல்லாத ஓர் அறை. விரலில் ஊசி ஏறினால் வருவார்கள், தலைவலிக்கு வருவார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக மயக்கத்துக்கு வருவார்கள். மெஷினில் தைத்துக்கொண்டே இருப்பாள், அப்படியே துணியின்மேல் சாய்ந்துவிடுவாள். பக்கத்து மெஷின்காரி கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருவாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் படுக்க வைத்து, திரும்ப லைனுக்கு அனுப்புவது என் வேலை. இதற்கு நாலு வருடப் படிப்பு தேவையா என்று எனக்கே பலமுறை தோன்றியதுண்டு.

ஒரு முறை கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தத்தில் இரும்பு போதவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஆளுக்கு ஒரு மாதத்துக்கு உண்டானதைக் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சாக்கடையோரம் சிவப்புச் சிவப்பாக மாத்திரைகள் கிடந்தன. வயிற்றைப் புரட்டுகிறது என்றாள் ஒருத்தி. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. வெறும் வயிற்றில் போட்டால்தானே புரட்டும்? சாப்பிட்ட பிறகு போடட்டும். வீட்டுக்குக் கொடுத்தால்தானே எறிவார்கள்? என் கண்ணெதிரே விழுங்கட்டும். சாப்பிட்டு முடித்த அத்தனை பேரும் தவறாமல் வந்து நிற்கும் இடம் எது? டீ கவுண்டர்.

எங்கள் கம்பெனியில் முன்பெல்லாம் மூன்று மணிக்குத் தனியாக டீ உண்டு. அதற்காக லைனை நிறுத்தித் திரும்ப ஓட்டுவது தொல்லை என்று, அதை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் சாப்பாடும் டீயும் முடிந்துவிட வேண்டும். பெண்கள் கால் மணியில் டப்பாவைக் காலி செய்து, கை கழுவிய ஈரத்தோடு டீக்கு வரிசையில் நிற்பார்கள். அதை விட்டால் ஆறு மணி வரைக்கும் ஒன்றும் கிடையாது. ஆகவே டீயை விடுகிறவள் ஒருத்திகூட இல்லை. அந்த வரிசையின் முகப்பில் நான் மாத்திரை டப்பாவோடு நின்றேன். கையை நீட்டு, வாயில் போடு, விழுங்கு, அப்புறம் போ.

பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்மில் வந்தது உப்புத் தண்ணீர். வெயிலில் சூடேறி, வாயில் வைக்க வழங்காது. இரண்டாம் நாளே ஒருத்தி மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்து விழுங்கினாள். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே, "டீயிலேயே முழுங்கிட்டுப் போங்கப்பா, நேரமாகுது" என்றேன். ஒரு மாத்திரைகூட சாக்கடைக்குப் போகவில்லை. மேனேஜர் வந்து போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வரிசையில் ஓர் அக்கா, காலர் தைப்பவர். நாற்பத்திரண்டு வயது. பெரும்பாக்கத்தில், குடிசைகளை அகற்றி அரசு குடியமர்த்திய அடுக்குமாடியில் ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடும் நாளை விரல் விட்டு எண்ணலாம். புருஷன் இல்லை, ஒரே மகள். ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். மாதத்தில் பன்னிரண்டு நாள் தீட்டு நிற்பதில்லை என்றார். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஆனா ரத்தம் பத்து ஆவணுமாம் சிஸ்டர். பத்து ஆனாதான் ஆபரேஷனுக்குத் தேதி குடுப்பாங்களாம். இப்ப எட்டுதான் கீது."

"ரெண்டுதானே அக்கா? மூணு மாசத்துல ஏத்திடலாம்" என்றேன்.

"இன்னா துன்னணும்னு மட்டும் சொல்லுங்க. கரெக்டா செஞ்சிடுவேன்."

சொன்னேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, காராமணி, எள்ளு. கறி மீன் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இவர் செய்தார். அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலி இடத்தில் ஒரு முருங்கை மரம் இருந்ததாம். விடியும்போதே ஆறு மாடி இறங்கிக் கீரை ஒடித்து, திரும்ப ஆறு மாடி ஏறி, உருவி, வதக்கி எடுத்து வருவார். ரத்தம் குறைந்த உடம்பு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குமாம். மதியம் நான் அந்தப் பக்கம் போனால் டப்பா மூடியைத் திறந்து காட்டுவார்.

"பாருங்க சிஸ்டர், இன்னிக்கும் கீரைதான்."

எனக்குப் பெருமை தாங்காது. மூச்சு வாங்க வரிசையில் நிற்க வேண்டாம் என்று, சாப்பிட்டு முடித்ததும் நானே ஒரு டம்ளர் டீயும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போய் அவர் இடத்தில் கொடுப்பேன். அறுநூறு பேரில் அந்த மரியாதை அவருக்கு மட்டும்தான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக் குடிப்பார்.

ஒரு நாள் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இங்க டீ நல்லா செவப்பா கீது. எங்க பில்டிங் போர் தண்ணில போட்டா கருப்பா பூடும் சிஸ்டர், மை மாரி. அந்தத் தண்ணில துரு ஜாஸ்தி."

நான் சிரித்தேன். சட்டென்று உறைத்திருக்க வேண்டியது எனக்குத்தான். துரு என்றால் இரும்பு. டீ அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு கறுத்துப்போகிறது. இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அத்தனையும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு, தினமும் மத்தியானம் ரசம் சாதத்துக்கு மேலேயே காபியைக் குடித்துப் பழகிய ஆள் நான். இரும்புலியூரில் எங்கள் வீட்டில் காபி இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கில்லை.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் பார்த்தார்கள். அக்காவுக்கு ஏழு புள்ளி நான்கு.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டு அவரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், எதிரே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். சீட்டைப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள் வுடல டாக்டர்."

"என்ன சாப்பிடறீங்க?"

அக்கா சொல்லச் சொல்ல டாக்டரின் முகத்தில் ஆச்சரியம் கூடியது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "சாப்பிட்டதும் என்ன குடிப்பீங்க?"

"டீதான். மாத்திரையும் அதுலயே போட்டுக்குவேன்."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, கீரையில இருக்கற இரும்பு குடல்ல கரைஞ்சாதான் ரத்தத்துல சேரும். டீயில ஒரு துவர்ப்பு இருக்கு பாருங்க, அது அந்த இரும்பைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுடும். அப்புறம் கரையாது, மலத்தோட போயிடும். காபியும் அப்படித்தான், டீ இன்னும் மோசம். கறியில இருக்கற இரும்பு வேற மாதிரி, அது அவ்வளவா மாட்டாது. நீங்க முழுக்க முழுக்கக் கீரையும் தானியமும் சாப்பிடறீங்க. அதுக்கு மேல உடனே டீ, அதோட மாத்திரையும். உங்களுக்குப் போற ரத்தமும் ஜாஸ்தி. சேர்றது கொஞ்சம், போறது நிறைய. எப்படி ஏறும்?" பிறகு குரல் உயர்ந்தது. "டீயில மாத்திரை போடச் சொல்லி யார் சொன்னது உங்களுக்கு?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உடனே டாக்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

"யாரும் சொல்லல டாக்டர். நானேதான். தண்ணி உப்பு கரிக்குதுன்னு நானே டீல போட்டுக்கினேன்."

"படிச்சவங்க யாருமே இல்லையா உங்க கம்பெனியில?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அக்காவின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு எழவில்லை. டாக்டர் என்னைச் சொந்தக்காரி என்று நினைத்திருப்பார். இன்னும் நாலு வார்த்தை அக்காவைத் திட்டினார். அக்கா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் டாக்டர், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள், நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றலாம், சீக்கிரம் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வேளச்சேரி தாண்டியதும் சொன்னார்: "வுடுங்க சிஸ்டர். மூஞ்ச தூக்கிக்கினு இருக்காதீங்க. உங்க வேலைக்கு எதுனா ஆவும்னுதான் சொன்னேன்."

அப்போதாவது மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். "திங்கட்கிழமை நான் வந்து சேர்த்து விடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"வோணாம் சிஸ்டர். ஒரு மாசம் டீய வுட்டுட்டு அதே கீரையும் மாத்திரையும் துன்னு பாக்கறேன். ஏறும். நீங்க சொன்னது தப்பில்லன்னு அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியட்டும். லீவும் கேக்க வோணாம்."

நர்ஸ் என்றால் தள்ளிப்போட வேண்டாம், உடனே சேருங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்க வேண்டும். உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும் உடம்பு. ஒரு மாதம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் எனக்கும் அந்த மாத்திரை ஜெயிக்க வேண்டியிருந்தது. ரத்தம் ஏறிவிட்டால் என் தப்பு தப்பில்லாமல் போய்விடும் என்று ஒரு நப்பாசை. சரி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை என் அறையில் பால் விடாத டீ ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன். ஒரு மாத்திரையின் சிவப்பு மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பொடித்து உள்ளே போட்டுக் கலக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ கறுத்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பில்டிங் டீ மாரியே கீது" என்றார்.

மேனேஜரிடம் போய், டீயைப் பழையபடி மூன்று மணிக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றேன். "டீக்காக லைனை நிறுத்தச் சொல்றீங்களா சிஸ்டர்? சாப்பிட்டதும் டீ குடிக்கறது ஊர்ல இல்லாத பழக்கமா?" என்றார். நீங்கள் போட்டோ எடுத்து ஒட்டியதே தப்பான முறையைத்தான் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை நேரத்தை மட்டும் காலை பதினொன்றுக்கு மாற்றினேன், வடிகட்டிய தண்ணீர் கேன் ஒன்று வாங்கி வைத்தேன். காரணம் கேட்டவர்களிடம் புது ரூல் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அறுநூறு பேர் சோற்றில் மறைத்தேன். மாத்திரை தப்பியது, அவ்வளவுதான். சாப்பாட்டு டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் மெஷினில் இருப்பார்கள், டீ எங்கே கிடைக்கும்? எல்லோரும் பழையபடியே குடித்தார்கள்.

அக்கா மட்டும் குடிக்கவில்லை. மற்றவர்கள் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் வாரம் முழுக்கத் தலைவலி. நான் வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுபோய்ப் பிழிந்து கொடுப்பேன். புளிப்பு சேர்ந்தால் கீரையின் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டாக்டர் சொல்லாமலே இது எனக்கு ஞாபகம் வந்தது. காலம் போன கடைசியில் எல்லாம் ஞாபகம் வந்தது.

ஒரு மாதம் கழித்து எட்டு புள்ளி மூன்று. அந்தச் சீட்டை மடிக்காமல் கையில் பிடித்தபடி லைனிலிருந்து என் அறை வரைக்கும் வந்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர்? உங்க மாத்திரை வேலை செய்யுது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். மூன்று மாதமும் இப்படியே ஏறியிருந்தால் பத்து எப்போதோ தாண்டி ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று கூட்டிப் பார்த்தது வீட்டுக்குப் போன பிறகுதான். அடுத்த வாரம் வரட்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை கம்பெனி பஸ்ஸில் அவர் வரவில்லை. காலையில் கீரை ஒடித்துக்கொண்டு மேலே ஏறும்போது நான்காவது மாடியில் ரத்தப்போக்கு பிய்த்துக்கொண்டதாம். லிஃப்ட் ஓடவில்லை. அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே பல மாதம் குறைந்த ரத்தத்தில் ஓடிக் களைத்த இதயம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பெரும்பாக்கம் போனேன். ஆறு மாடி ஏறினேன். எனக்கே ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தது மகள். பத்தொன்பது வயது, தாம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை. அம்மாவின் முகம், அம்மாவைப் போலவே வெளுத்த உதடு. போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பாய் விரித்து என்னை உட்காரச் சொன்னாள்.

"நீங்க அந்த சிஸ்டர்தானே? அம்மா உங்களப் பத்தியே பேசும்."

நான் தலையாட்டினேன்.

"ரத்தம் ஏறாம போனதுக்கு டீதான் காரணம்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே. மாத்திரைய டீல போட்டுக்கினேன், தப்பு என்மேலதான்னு அம்மாவே எங்கிட்ட சொல்லிச்சு." அவள் போட்டோவைப் பார்த்தபடியே பேசினாள். "நான் வுடல சிஸ்டர். தெனமும் திட்டினேன். டீப் பைத்தியம், உனக்கு நான் முக்கியமா டீ முக்கியமான்னு கேட்டேன். அன்னிக்குக் காலைலகூட, கீரைய ஒடிச்சு இன்னா பிரயோஜனம், இத்தினி மாசம் டீய ஊத்திக் கெடுத்துக்கினியேன்னு கத்தினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கீழ எறங்கிப் போச்சு."

நான் பாயில் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மா மேல தப்பு இல்லம்மா" என்றேன். "டீயில போட்டுக்கச் சொன்னது நான். டீயையும் மாத்திரையையும் கையில கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். எனக்கு வேலை போயிடும்னு உங்கம்மா பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கத்துவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இத நீங்க அப்பவே வந்து சொல்லியிருந்தா," என்றாள், "நான் எங்கம்மாவத் திட்டியிருக்க மாட்டேன் சிஸ்டர்."

பிறகு எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் நடந்தே இறங்கினேன்.